சுவரில் இருந்த யானை

நாலாம் வகுப்பு டீச்சர் முப்பத்தெட்டு நோட்டுகளையும் திருத்தி முடித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடினாள். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தெட்டைக் கழித்தால் முப்பத்தாறு என்று முப்பத்தொரு பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். போன வருடமும் இதே முப்பத்தாறுதான். அதற்கு முந்தின வருடமும் அதேதான். பழைய குருடி கதவைத் திறடி என்று வருடா வருடம் ஜூன் மாதம் வந்தால் இந்த முப்பத்தாறும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வேலையில் இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது கொட்டாவிதான் வருகிறது.

ஆனால் இந்த வருடம் கொட்டாவி விட்டுக்கொண்டு இருக்க முடியாது. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கற்றல் பிரச்சினையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஒரு துணைக்கருவியும் ஒரு வகுப்பறைச் செயல்பாடும் உருவாக்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்து, முன்தேர்வு பின்தேர்வு என்று கணக்குக் காட்ட வேண்டும். மாதக் கடைசியில் கண்காட்சி. அதில் தேர்வாகிற ஒருவருக்கு ஆசிரியர் பயிற்சி மையத்தில் பொறுப்பு.

அந்தப் பயிற்சி மையம் டீச்சர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பள்ளிக்கூடம் இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம் ஆகிறது. காலை ஆறரைக்கு அவள் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணி வரை அவர் ஒண்டியாக, கழிப்பறைக்குப் போவதற்குக்கூடச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். ஒரு தடவை விழுந்து, இரண்டு மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். அவள் வந்ததும், "ஒண்ணுமில்ல, தரை குளிர்ச்சியா இருந்துச்சு, படுத்துட்டேன்" என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தப் பொறுப்பு அவளுக்கு வேண்டும். விருதுக்கோ பெயருக்கோ இல்லை, மத்தியானம் ஒரு எட்டு வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போக.

"கழித்தலுக்குக் குச்சிக் கட்டு பண்ணலாம்னு இருக்கேங்க" என்றாள் அன்று.

"பண்ணு. நானும் சும்மாதானே உக்காந்திருக்கேன்."

வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தபடியே ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டார். ஓய்வு பெறுவதற்கு முன் தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். எண்ணுகிற வேலை அவர் கைக்குப் பழக்கம். ஒரு வாரத்தில் நூற்றைம்பது கட்டு தயார். கூடவே அவள் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, நடுவே கோடு போட்டு, இடது பக்கம் 'பத்துகள்', வலது பக்கம் 'ஒன்றுகள்' என்று எழுதிப் பத்தொன்பது பாய்கள் செய்தாள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பாய்.

வகுப்பில் அது நன்றாகவே போனது. ஐம்பத்திரண்டு என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. அதில் இருபத்தெட்டை எடுக்க வேண்டும். உதிரி இரண்டுதான் இருக்கிறது, எட்டு எடுக்க முடியாது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் முழித்தார்கள். அப்புறம் யாரும் சொல்லாமலேயே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினார்கள். நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. எட்டை எடுத்தால் நாலு. இரண்டு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு. இருபத்து நாலு. முப்பத்தெட்டில் முப்பத்தாறு பேர் சரியாகச் செய்தார்கள். பெரிய சார், அதாவது தலைமையாசிரியர், வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் குச்சியைப் பெட்டியில் வைத்துவிட்டு நோட்டில் அதே கணக்கையும் அது மாதிரி இன்னும் ஒன்பதையும் கொடுத்தாள். இருபத்தொன்பது பேர் முப்பத்தாறு என்று எழுதினார்கள்.

அந்த நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா. பெரிய சார் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், மூஞ்சி இப்படி இருக்கு?"

அவள் கணக்கைச் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். பிரச்சினை வந்தால் அதைத் தீர்ப்பதைவிட மூடி வைப்பது சுலபம் என்று நீண்ட காலம் முன்பே கண்டுகொண்ட நல்ல மனிதர்.

"குச்சியில முப்பத்தாறு பேர் சரி. அதைப் பின்தேர்வுன்னு போட்டுடுங்க. பொய் இல்லையே."

"அது தேர்வு இல்ல சார். குச்சி கையில இருக்கும்போது செஞ்சது."

"யாரு கேக்கப் போறா? உங்களுக்கு இந்த இடம் வேணும்னு எனக்குத் தெரியும் டீச்சர். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் நோட்டுகளை அடுக்கி மேசை மேல் வைத்தாள்.

அன்று மத்தியானம் 'பென்சில்' என்கிற பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒல்லியாக இருப்பாள், எந்நேரமும் பென்சில் முனையைக் கடித்துக்கொண்டிருப்பாள், அதனால் வகுப்பே வைத்த பெயர். குச்சியில் அவள்தான் முதலில் முடித்தவள். நோட்டில் பத்துக்குப் பத்தும் தப்பு.

"இதை எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லு. திட்டமாட்டேன்."

பென்சில் வாயிலிருந்து பென்சிலை எடுத்தாள். "எட்டுதான் யானை. ரெண்டு எலி. யானையில இருந்து எலியை எடுக்கணும். எட்டுல ரெண்டு போனா ஆறு. அஞ்சு யானை, ரெண்டு எலி. மூணு."

"எட்டு கீழே இருக்கே?"

"யானை எங்க இருந்தாலும் யானைதானே டீச்சர்."

"நேத்து குச்சியில நீ இப்படிச் செய்யலையே. கட்டைப் பிரிச்சியே."

பென்சில் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது குச்சி டீச்சர். இது கணக்கு."

இருபத்தாறு வருடத்தில் டீச்சர் 'எத்தனை தப்பு' என்றுதான் எண்ணியிருக்கிறாள். 'எப்படிப் போட்டாய்' என்று ஒரு பிள்ளையை உட்கார வைத்துக் கேட்டது இதுதான் முதல் தடவை. அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு இந்த யானைக் கணக்கு?"

"ரெண்டாம் வகுப்புல செவுத்துல இருக்கே. தினமும் பாடுவோம்."

டீச்சர் எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, வராந்தாவின் அந்தக் கோடிக்கு நடந்தாள்.

இரண்டாம் வகுப்பில் கரும்பலகைக்கு மேலே அது தொங்கியது. சாம்பல் நிற யானை, அதன் காலடியில் ஒரு எலி, கீழே கொட்டை எழுத்தில் இரண்டு வரி: எதில் எது பெரியது என்று பார், பெரியதில் சிறியதை எடுத்துப் பார். வலது மூலையில் சின்னதாக, செய்தவர் பெயர். அவளுடைய பெயர்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், அவள் இரண்டாம் வகுப்பு எடுத்தபோது செய்தது. பிள்ளைகள் அப்போது ஏழிலிருந்து மூன்றைக் கழிக்கச் சொன்னால் மூன்றிலிருந்து ஏழு என்று தலைகீழாக எழுதினார்கள். அதற்கு மருந்தாகத்தான் யானை. மருந்து உடனே வேலை செய்தது. இரண்டாம் வகுப்புக் கணக்கில் மேலே இருக்கிற இலக்கம் எப்போதும் பெரியது, கீழே இருப்பது சிறியது, அதனால் யானை தவறவே தவறாது. நூற்றுக்கு நூறு. முதல் பரிசு. அதை அச்சடித்து வட்டாரத்தில் இருக்கிற நாற்பத்திரண்டு பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குப் போய், கீழே பெரிய இலக்கம் வருகிற கணக்கைப் பார்க்கும்போது என்ன ஆகும் என்று அவளும் யோசிக்கவில்லை, பரிசு கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை. அப்புறம் அவள் நாலாம் வகுப்புக்கு வந்து, வருடா வருடம் முப்பத்தாறைப் பார்த்து, மூன்றாம் வகுப்புக்காரர்களைத் திட்டினாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண், வேலைக்கு வந்து மூன்று வருடம். "என்னக்கா, உங்க சார்ட்டையே வெச்ச கண் வாங்காம பாக்கறீங்க? பசங்களுக்கு இது உயிரு."

"தெரியுது" என்றாள் டீச்சர்.

பெரிய சாரிடம் போய், அதைக் கழற்றிவிடலாம் என்று சொன்னாள். அவர் பதறிப்போனார்.

"நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பேரே அந்த அட்டையாலதான். அதுவும் இந்தத் தடவை கண்காட்சியில ஆளைத் தேர்ந்தெடுக்க வர்ற பெரிய மேடம் யாருன்னு தெரியுமா? அன்னிக்கு உங்களுக்குப் பரிசு குடுத்து, அச்சடிக்கச் சொன்னவங்களே அவங்கதான். அது தப்புன்னு அவங்க முகத்துக்கு நேரா சொல்லப் போறீங்களா? இடம் வேணுமா வேண்டாமா உங்களுக்கு?"

வேண்டும். அதனால் யானை சுவரிலேயே இருந்தது.

ஆனால் பின்தேர்வில் அவள் பொய் எழுதவில்லை. இன்னும் மூன்று வாரம் இருந்தது. 'அது குச்சி, இது கணக்கு' என்ற பேச்சு காதிலேயே நின்றது. குச்சி ஒரு நாள், நோட்டு மறுநாள் என்று அவள்தான் இரண்டையும் பிரித்து வைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு இரண்டும் வேறு வேறு வீடு. இடையில் கதவே இல்லை.

அதற்கு ஒரு விளையாட்டு வைத்தாள். ஜோடியில் ஒருத்தர் கை, இன்னொருத்தர் பேனா. கை ஒரு காரியம் செய்தால் பேனா அதை உடனே எழுத வேண்டும். பேனா எழுதி முடிக்கிற வரை கை அடுத்த குச்சியைத் தொடக்கூடாது. கை ஒரு கட்டைப் பிரித்தால், பேனா ஐந்தை அடித்து நாலு என்று எழுதும், இரண்டை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதும். கை எட்டு உதிரியை எடுத்தால் பேனா ஒன்றுகளின் கீழே நாலு போடும். அடுத்த கணக்குக்குக் கையும் பேனாவும் மாறிக்கொள்வார்கள். எழுத மறந்த பேனாவைப் பார்த்துக் கை, "நான் சிலை, நான் சிலை" என்று உறைந்து நிற்கும். வகுப்பில் ஒரே சத்தம். டீச்சருக்குத் தலைவலி. ஆனால் வருடக்கணக்காகச் சொல்லியும் ஏறாத அந்த அடித்து எழுதுகிற வேலை, எதற்காக என்று பிள்ளைகளுக்குக் கண்ணால் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்துக் குச்சிகளைத் துணியால் மூடினாள். கை தொடாமல் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் குச்சியே இல்லை, கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. அதற்கப்புறம் வெறும் எண். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும், எடுத்ததை விடையோடு திரும்பக் கூட்டிப் பார்க்க வேண்டும். முப்பத்தாறோடு இருபத்தெட்டைக் கூட்டினால் அறுபத்து நாலு வருகிறது, ஐம்பத்திரண்டு வரவில்லை என்று கண்டுபிடித்த அன்று பென்சிலுக்குக் கோபம் வந்தது.

"அப்போ யானை பொய்யா டீச்சர்?"

"பொய் இல்லம்மா. அம்பத்திரண்டு முழுசும் சேர்ந்துதான் யானை. இருபத்தெட்டு முழுசும் எலி. நீ யானையைத் துண்டு துண்டா வெட்டிட்டுத் தேடுற."

பென்சில் யோசித்தாள். "அப்படின்னா அதைச் செவுத்துல சொல்லவே இல்லையே. ஏன் இன்னும் அங்க மாட்டி வெச்சிருக்காங்க?"

"மாட்டி வெச்சிருக்காங்க" என்பது யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. டீச்சர் கரும்பலகையைத் துடைக்கப் போனாள்.

பின்தேர்வில் இருபத்தேழு பேர் சரி, பதினொரு பேர் தப்பு. பென்சில் பத்துக்கு ஒன்பது. டீச்சர் அந்த எண்களை அப்படியே படிவத்தில் எழுதினாள். ஒரு கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது: 'பிரச்சினைக்கான காரணம்.' அதன் மேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அட்டை இல்லாத ஊரிலும் பிள்ளைகள் இந்தத் தப்பைச் செய்வார்கள், அது உண்மை. ஆனால் இங்கே அந்தத் தப்பு சட்டம் மாதிரி சுவரில் மாட்டியிருந்தது, பாட்டு வேறு. பக்கத்து அறையில் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக ஒரு காலை வைத்து, அடுத்த காலை இழுத்து. அவள் 'மாணவர்களின் கவனக்குறைவு' என்று எழுதி மூடினாள்.

கண்காட்சி வேறொரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஒவ்வொரு வகுப்பறையிலும் நாலைந்து மேசை. அவளுக்குக் கொடுத்த அறையில் பாயை விரித்து, கட்டுகளை அடுக்கி, பிள்ளைகளின் நோட்டுகளைத் திறந்து வைத்தாள். பெரிய சார் பக்கத்தில் நின்று, மேசை விரிப்பை நாலாவது தடவையாகச் சரி செய்தார்.

பெரிய மேடம் வந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது, அவர்களும் களைத்துத்தான் இருந்தார்கள். மற்ற மேசைகளில் இரண்டு நிமிடம் நின்றவர்கள் இங்கே உட்கார்ந்தே விட்டார்கள். கை–பேனா விளையாட்டை ஒருமுறை தானே விளையாடிப் பார்த்தார்கள். அவர்கள் பேனா, பெரிய சார் கை. அவர்கள் எழுத மறந்ததும் பெரிய சார் சிலையாக நின்றார், அதற்குச் சிரித்தார்கள்.

"குச்சிக்கும் எழுத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பிடிச்சிருக்கீங்க. பதினொரு பேர் தப்புன்னு உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கீங்க. இங்க யாருமே இப்படி எழுதல." படிவத்தைப் புரட்டியவர்கள் நிறுத்தினார்கள். "காரணம் மட்டும் இடிக்குதே டீச்சர். கவனக்குறைவுன்னா ஒருத்தன் ஒரு மாதிரி தப்பு பண்ணுவான், இன்னொருத்தன் வேற மாதிரி பண்ணுவான். முப்பத்தொரு பேரும் ஒரே முப்பத்தாறு. கவனமா செஞ்சாத்தான் இப்படி வரும். எங்கயோ கத்துக்கிட்டிருக்காங்க. எங்கன்னு தெரியுமா?"

பெரிய சார் அவசரமாக, "மேடம், டீ சாப்பிடலாமா" என்றார்.

பதில் தேடிக் கண்ணை உயர்த்தினாள் டீச்சர். மேடத்தின் தலைக்கு மேலே, பின்சுவரில், கரும்பலகையை ஒட்டி, யானை நின்றது. அதே சாம்பல் நிறம். அதே எலி. வந்ததிலிருந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தவள் சுவரைப் பார்க்கவில்லை. அது இரண்டாம் வகுப்பு அறை. நாளை காலையில் இந்த அறையின் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, அதைப் பார்த்துப் பாடுவார்கள்.

வீட்டில் ஒருவர் சுவரைப் பிடித்து நடப்பது ஞாபகம் வந்தது. பென்சில் கேட்டதும் ஞாபகம் வந்தது. அவளுக்கு மிகவும் களைப்பாக இருந்தது, இனிமேல் இதை மூடி மூடி வைக்கத் தெம்பில்லை.

"ஒரு நாற்காலி வேணும் மேடம்."

"அடடா, இவ்வளவு நேரம் நிக்க வெச்சே பேசறேன். உக்காருங்க."

"உக்கார இல்ல. ஏறணும்."

முட்டி வலிக்க ஏறினாள். பெரிய சார் வேறு வழியில்லாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றி, மேசையில் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். படிவத்தில் 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'இந்த அட்டை' என்று எழுதினாள்.

மேடம் அட்டையை நீண்ட நேரம் பார்த்தார்கள். மூலையில் இருந்த பெயரைப் பார்த்தார்கள், பிறகு அவளை. "இதை அச்சடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்."

"செஞ்சது நான் மேடம்."

"ஒரு மாசமா தெரியுமா உங்களுக்கு?"

"மூணு வாரமா."

"மூணு வாரமும் உங்க பள்ளிக்கூடத்துல இது தொங்கிக்கிட்டுதான் இருந்துச்சா?"

"ஆமா."

மேடம் தலையை ஆட்டினார்கள். கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போனார்கள்.

சாயங்காலம் பெயர் அறிவித்தார்கள். அந்தப் பொறுப்பு வரைபடக் கருவி செய்த ஒரு ஆறாம் வகுப்பு சாருக்குப் போனது. டீச்சருக்குக் கிடைத்தது ஒரு காகிதம். நாற்பத்திரண்டு பள்ளிக்கூடத்தின் பட்டியல். கீழே மேடத்தின் கையெழுத்தில்: ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போய் அட்டையைக் கழற்றி, கை–பேனாவைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வரவும், சனிக்கிழமைகளில்.

வீட்டுக்குப் போகிற வழியில் தன் பள்ளிக்கூடத்தில் இறங்கி, அங்கிருந்ததையும் கழற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வரும்போது ஏழரை. வீட்டுக்காரர் வாசற்கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கிடைச்சுதா?"

"இல்லீங்க." அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "உங்களுக்குத்தான் கஷ்டம். இனிமே சனிக்கிழமையும் நீங்க ஒண்டிதான். மறைக்க என்னால முடியல, சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் சுருட்டி வைத்திருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொத்தம் எத்தனை?"

"நாப்பத்திரண்டு."

"ரெண்டு உதிரி எடுத்தாச்சு." மேசை இழுப்பறையைத் துழாவி, மிச்சமிருந்த ரப்பர் பேண்டுகளை எடுத்தார். எண்ணி நாலு பேண்டை அவள் கையில் வைத்தார். "இன்னும் நாலு கட்டு."